ஒரு நொடி கரண்ட் கட், நாலு நிமிஷ நெட் கட்

அக்கா வீடு தஞ்சாவூர்ப் பக்கம். ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை அங்கே இருந்தேன். காற்று அடித்தது, விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். மின்விசிறி நிற்கக்கூட இல்லை, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. அடுப்படியில் இருந்த அக்காவுக்குக் கரண்ட் போனதே தெரியாது. ஆனால் முன் அறையிலிருந்து ஒரு அலறல்.

"என்னடா ஆச்சு?"

"கரண்ட் போனது ஒரு செகண்டு மாமா. கேம் ஆஃப் ஆயிடுச்சு, நெட்டும் போச்சு. நெட் திரும்பி வர நாலு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நான் தோத்துட்டேன்னு போட்டுருவான்."

கால்பந்து மேட்ச். எண்பதாவது நிமிடம், இரண்டுக்கு ஒன்று என்று அக்கா மகன்தான் முன்னிலையில் இருந்திருக்கிறான். இணையப் போட்டிகள் பலவற்றில் தொடர்பு அறுந்தவனைத் தோற்றவனாகத்தான் கணக்கு வைப்பார்கள். வேண்டுமென்றே கம்பியைப் பிடுங்கித் தோல்வியிலிருந்து தப்பிப்பவர்களுக்காக வந்த விதி அது. கரண்ட் போனவனும் அதே வலையில் மாட்டுகிறான்.

அந்த வீட்டில் கரண்ட் போனால் எட்டு மணி நேரம் மின்விசிறி ஓட்டும் இன்வெர்ட்டர் இருக்கிறது. மோடம் சொருகியிருக்கும் பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது. இருந்தும் மோடம் ஏன் செத்துப் பிழைக்கிறது? நம் ஊரில் இன்வெர்ட்டர் வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளின் கேள்வி இது. இங்கிருந்தே தொடங்கலாம்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அலையடிக்கிறது. ஒரு அலைக்கு ஆகும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. கரண்ட் போனதை இன்வெர்ட்டர் கவனித்து, உள்ளே ரிலே 'டக்' என்று மாறி, பேட்டரியிலிருந்து கொடுக்கத் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று அலைகள் கடந்துவிடும். மின்விசிறிக்கு இது ஒரு பொருட்டே இல்லை; சுற்றுகிற வேகத்திலேயே தாண்டிவிடும். மோடத்தின் அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய ஒரு அலை நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் மோடம் அணைந்து மறுபடி எழும்.

எழுவதுதான் நேரம் பிடிக்கிற வேலை. மோடம் என்பது ஒரு குட்டிக் கணினி. அது விழித்து, தன் மென்பொருளை ஏற்றி, ஃபைபர் வழியே வரும் ஒளியைப் பிடித்து, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியிடம் தன் பெயரைப் பதிந்து, உங்கள் கணக்கில் உள்நுழைந்த பிறகுதான் நெட் வரும். அதற்குப் பின்னால் தனி வைஃபை ரவுட்டர் வைத்திருந்தால் அதுவும் எழ வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டு முதல் நான்கு நிமிடம். விளையாட்டின் சர்வர் நமக்காகக் காத்திருப்பதோ சில நொடிகள்தான்.

பைசா செலவில்லாத ஒரு வைத்தியம் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிடுவோம். பல இன்வெர்ட்டர்களின் முதுகுப்பக்கம் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் சாதாரண நிலை, மறுபக்கம் யூபிஎஸ் நிலை. யூபிஎஸ் நிலையில் வைத்தால் மாறும் நேரம் அரை அலை அளவுக்குக் குறையும். மோடம் பெரும்பாலும் அணையாது. அக்கா வீட்டில் அதைத்தான் முதலில் செய்தோம். மோடம் தப்பித்தது. இரண்டாம் நாளே மச்சானிடமிருந்து போன்: "மாப்ளே, சாயங்காலம் ஆனா இன்வெர்ட்டர் டக்கு டக்குன்னு அடிச்சுக்குது, என்னன்னு பாருங்க."

காரணம் இதுதான். யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் கரண்ட் போவதை மட்டுமல்ல, வோல்டேஜ் குறைவதையும் பொறுத்துக்கொள்ளாது. ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். அந்தத் தெருவில் மாலை ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் 175, 185 என்று ஊசலாடும். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் அதை அப்படியே வீட்டுக்குள் அனுப்பிவிடும். யூபிஎஸ் நிலையில் நிமிடத்துக்கு இரண்டு முறை மாறி மாறிப் பேட்டரியைத் தின்னும். உங்கள் தெருவில் வோல்டேஜ் நிலையாக இருந்தால் இந்த சுவிட்ச்சோடு மோடம் பிரச்சினை முடிந்தது. அக்கா வீட்டில் முடியவில்லை. சுவிட்ச்சைப் பழைய இடத்துக்கே தள்ளினேன்.

அடுத்து வாட் மீட்டரை எடுத்துப்போனேன். பிளக்குக்கும் கருவிக்கும் நடுவில் சொருகினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் சிறிய பெட்டி அது. மோடம் 5 வாட். ரவுட்டர் 7 வாட். பழைய மெலிந்த ரக பிளேஸ்டேஷன் 4, விளையாட்டு ஓடும்போது 85 வாட் வரை. 32 இஞ்ச் டிவி 40 வாட்.

இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே ஒன்று புரியும். இங்கே இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. நெட்டுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம் மின்சாரம், ஆனால் நீண்ட நேரம். கேம் பெட்டிக்கும் டிவிக்கும் வேண்டியது நிறைய மின்சாரம், ஆனால் சில நிமிடம். நான்கையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகினால், டிவியும் கேமும் பேட்டரியைக் குடித்து முடித்ததும் நெட்டும் கூடவே போகும். கடையில் பெரிய யூபிஎஸ்ஸாக ஒன்றை எடுத்துக்கொடுத்து அனுப்புவார்கள். நான் இரண்டு சின்னதாகப் பிரிக்கும் கட்சி.

முதல் பெட்டி, மினி யூபிஎஸ். சோப்பு டப்பா அளவில் இருக்கும். மோடமும் ரவுட்டரும் எப்படியும் 12 வோல்ட் டிசியில்தான் ஓடுகின்றன. அடாப்டரின் வேலையே 230 வோல்ட்டை 12 ஆக்குவதுதான். எனவே பேட்டரியின் மின்சாரத்தை 230 ஆக ஏற்றி, மறுபடி 12 ஆக இறக்கும் வீண் சுற்று வேண்டாம். அடாப்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் இந்த டப்பாவைப் பொருத்திவிட்டால், உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நேராக 12 வோல்ட் கொடுக்கும். நல்ல டப்பாவில் மாறும் நேரம் என்று மோடத்துக்குத் தெரிகிற அளவில் எதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் ஓடும்? நாங்கள் வாங்கியதன் மேல் 10,400 மில்லி ஆம்ப் மணி என்று போட்டிருந்தது. பெரிய எண், ஆனால் அது 12 வோல்ட்டில் அல்ல. உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. 10.4-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 38 வாட் மணி. 12 வோல்ட்டாக ஏற்றும்போது ஏழில் ஒரு பங்கு சூடாகப் போகும். மிச்சம் 32 அல்லது 33. நமக்கு வேண்டியது 12 வாட். வகுத்தால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிளக்கைப் பிடுங்கிக் கடிகாரத்தைப் பார்த்தோம்: இரண்டு மணி இருபது நிமிடம். பரவாயில்லை, நேர்மையான டப்பா. இதே எண்ணை மேலே அச்சடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் உயிரை விடுபவையும் சந்தையில் உண்டு. அதனால் வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.

சொருகுவதற்கு முன் மோடத்தின் அடியிலும் ரவுட்டரின் அடியிலும் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 12 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட் துளை. சில ரவுட்டர்கள் 9 வோல்ட். அதில் 12-ஐச் சொருகினால் கருகலாம். வட்டத்துக்குள் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு சிறிய படமும் இருக்கும். நடு ஊசி கூட்டலா என்பதை அது சொல்கிறது. டப்பாவிலும் அதே படம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு எரிச்சல், முனையின் தடிமன். வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே நடு ஓட்டை 2.1 மில்லிமீட்டர் ஒன்றில், 2.5 இன்னொன்றில். மாறிப்போனால் ஒன்று நுழையாது, அல்லது நுழைந்து லொடலொடவென்று ஆடும். ஆடினால் விட்டு விட்டு ரீபூட் ஆகும். நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எங்களுக்கு வந்த கோளாறு வேறு. டப்பாவைப் பொருத்திய வாரம் கரண்ட் போனது. நெட் நின்றது நின்றபடி ஓடியது. பையன் துள்ளினான். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. வந்த கணத்தில் மோடம் ரீபூட்.

"மாமா, இது போறப்ப காப்பாத்துது, வர்றப்ப கழுத்தறுக்குது" என்றான்.

அந்தச் சொல்லே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டது. டப்பாவுக்குள் மின்சாரம் ஊட்ட நாங்கள் பயன்படுத்தியது மோடத்தோடு வந்த பழைய அடாப்டர். 12 வோல்ட், 1 ஆம்ப். அதாவது அதிகபட்சம் 12 வாட். மோடத்துக்கும் ரவுட்டருக்குமே 12 வாட் தேவை. கரண்ட் திரும்பியதும் காலியான பேட்டரி வேறு சார்ஜ் ஏறத் துடிக்கும். இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் அடாப்டரின் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, மோடம் அணைகிறது. 12 வோல்ட், 2 ஆம்ப் அடாப்டராக மாற்றினோம். அதோடு சரி. கரண்ட் போகும்போது ரீபூட் ஆனால் டப்பாவைச் சந்தேகப்படுங்கள். வரும்போது ஆனால் அடாப்டரைப் பாருங்கள்.

போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்க்கில் ஒரு கேபிள் போட்டு 12 வோல்ட் எடுக்கலாமே என்று கேட்பார்கள். எடுக்கலாம், ஓடவும் ஓடும். ஆனால் பல பவர் பேங்குகள் சார்ஜரைச் சொருகும்போதும் பிடுங்கும்போதும் வெளியே போகும் மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடரும். நமக்கு ஆகாததே அந்த ஒரு கணம்தான்.

இவ்வளவும் செய்த பிறகு, நெட் உண்மையில் வருமா என்பது நம் வீட்டில் மட்டும் தீர்மானமாவதில்லை. வீடு வரைக்கும் நேராக வரும் ஃபைபர் இணைப்பில் ஒரு வசதி உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் மோடம் வரை நடுவில் இருக்கும் பிரிப்பான்கள் வெறும் கண்ணாடி வேலை. அவற்றுக்கு மின்சாரமே தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்தால், உங்கள் தெருவே இருட்டில் கிடந்தாலும் ஒளி வந்துகொண்டிருக்கும். ஆனால் சில உள்ளூர் இணைப்புகளில், கம்பத்தில் கட்டிய பெட்டிக்குள்ளோ யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். தெருவில் கரண்ட் போனால் அதற்கும் போகும். உங்கள் வீட்டில் எத்தனை பேட்டரி அடுக்கினாலும் பயனில்லை.

கண்டுபிடிப்பது எளிது. உங்களுடையது ஃபைபர் மோடம் என்றால் அதில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு ஒன்று இருக்கும். தெருவுக்கே கரண்ட் இல்லாத நேரத்தில் மோடத்தைப் பேட்டரியில் ஓட்டி அதைப் பாருங்கள். சிவப்பாக மினுக்கினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். ஃபைபர் கடைசி வரை வராமல் சாதாரண நெட் கேபிள் மட்டும் வீட்டுக்குள் வரும் இணைப்பென்றால், நடுவில் மின்சாரப் பெட்டி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். காசு செலவழிக்கும் முன் ஆபரேட்டரிடம் "உங்க பாக்ஸுக்கு பேட்டரி பேக்கப் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அக்கா வீட்டில் அந்தக் கவலை இல்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாட்களிலும், இன்வெர்ட்டரில் நெட் வந்துகொண்டுதான் இருந்தது.

இனி இரண்டாவது பெட்டி. கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ். 600 என்பது வாட் அல்ல. இந்த வகைப் பெட்டி தாங்குவது ஏறக்குறைய 360 வாட். உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்ப் மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. எங்கள் பிளேஸ்டேஷன் 4-ம் டிவியும் சேர்ந்து 125 வாட். புதிய பேட்டரியில் பதினைந்து நிமிடம் வந்தது.

84 வாட் மணி பேட்டரி 125 வாட்டை நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டாமா என்று கணக்குப் போடுகிறவர்கள் கேட்கலாம். லெட் ஆசிட் பேட்டரியின் குணம் அப்படி. மெதுவாக இருபது மணி நேரம் உறிஞ்சினால்தான் அந்த 84-ஐத் தரும். அவசரமாக உறிஞ்சினால் பாதி கொடுத்துவிட்டுப் படுத்துவிடும். பிளேஸ்டேஷன் 5 கனமான விளையாட்டில் 200 வாட்டைத் தொடும். பெரிய டிவியும் சேர்ந்தால் இதே பெட்டியில் ஐந்தாறு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்கு 1100 விஏ, இரண்டு பேட்டரி உள்ளது வாங்குவது நல்லது.

எதற்காக இந்தச் சில நிமிடம்? கரண்ட் போனபின் இரண்டு மணி நேரம் விளையாடுவதற்கு அல்ல. நம்மைக் கெடுப்பவற்றில் பெரும்பாலானவை கண் சிமிட்டல்கள். காற்றில் கம்பி உரசும், லைன் ட்ரிப் ஆகும், சற்று நேரத்தில் திரும்பிவிடும். அவற்றை இந்தப் பெட்டி விழுங்கிவிடும். திரும்பவில்லை என்றால் நடக்கும் மேட்ச்சை முடிக்கவும், சேவ் செய்துவிட்டு முறையாக அணைக்கவும் அவகாசம் கிடைக்கும். பையனுக்குச் சொல்லிவைத்திருக்கும் விதி: பெட்டி கூவத் தொடங்கினால் அந்த மேட்ச்சோடு சரி, அடுத்ததைத் தொடங்கக் கூடாது.

சேவ் கெடுவது எப்போது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிற எல்லா நேரத்திலும் ஆபத்து இல்லை. திரையின் மூலையில் ஒரு சின்னம் சுழலுமே, அப்போதுதான் ஃபைல் எழுதப்படுகிறது. அந்தச் சில நொடிகளில் கரண்ட் போனால் ஃபைல் பாதி எழுதிய நிலையில் நிற்கலாம். அடுத்த முறை பெட்டியை முடுக்கும்போது, முறையாக அணைக்கவில்லை என்று திட்டிவிட்டு சேமிப்பகத்தைச் சோதிக்கும். பெரும்பாலும் தப்பிக்கும், தப்பிக்காத நாளில் நாற்பது மணி நேர ஆட்டம் போகும். ரெஸ்ட் மோடில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதும் இதே கதைதான். பிளேஸ்டேஷனில் அது தூக்கமே தவிர அணைப்பு அல்ல. பாதியில் நிறுத்திய ஆட்டம் கரண்டை நம்பி நினைவகத்தில் கிடக்கிறது. அடிக்கடி கரண்ட் போகும் வீட்டில் ரெஸ்ட் மோடை மறந்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளின் குயிக் ரெஸ்யூம் ஆட்ட நிலையைச் சேமிப்பகத்திலேயே எழுதி வைப்பதால் அது பிழைத்துக்கொள்ளும். நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் இந்தப் பெட்டியே வாங்க வேண்டாம். அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது. டிவி அணைந்தால் டாக்கிலிருந்து உருவிக் கையில் வைத்து ஆடலாம். லைட் என்ற சின்ன ரகத்துக்கு டாக்கே கிடையாது. அவர்களுக்கு மினி யூபிஎஸ் மட்டும் போதும்.

டிவியை யூபிஎஸ்ஸில் சொருக மறப்பவர்கள் நிறையப் பேர். கேம் பெட்டி உயிரோடு இருக்கும், திரை இருட்டாக இருக்கும், எதிராளி கோல் அடிப்பது காதில்கூட விழாது.

குறையையும் சொல்ல வேண்டும். இந்த விலையில் வரும் யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது வளைந்த சீரான அலை அல்ல, படிக்கட்டு போன்ற அலை. எங்கள் கேம் பெட்டி லேசாக முனகியதோடு சரி. சில பெட்டிகளின் பவர் சப்ளை இதைப் பிடிக்காமல் அணைந்துவிடுவதும் உண்டு. அதனால் வாங்கிய அன்றே, முக்கியமில்லாத ஒரு ஆட்டத்தை ஓடவிட்டு, சேவ் சின்னம் சுழலாத நேரமாகப் பார்த்து, யூபிஎஸ் சொருகிய சுவர் சுவிட்ச்சை அணைத்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் வெற்றி. அணைந்தால் மாற்றிக்கொண்டு சைன் வேவ் யூபிஎஸ் கேளுங்கள், விலை கூடும்.

நம் வெயிலில் இந்தப் பேட்டரிகளுக்கு ஆயுள் குறைவு. லெட் ஆசிட் பேட்டரி வெப்பத்தில் பத்து டிகிரி ஏற ஏறப் பாதி ஆயுளை இழக்கும் என்பது அந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. டிவிக்குப் பின்னால் காற்றில்லாத மரப் பெட்டிக்குள் திணித்தால் இரண்டு வருடம்கூட வராது. மினி யூபிஎஸ் எப்போதும் சற்று இளஞ்சூடாகத்தான் இருக்கும். மோடத்தின் மேலே அடுக்காமல் தள்ளி வையுங்கள். அதன் உடம்பு உப்பினாலோ தொட முடியாமல் சுட்டாலோ யோசிக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். குப்பையில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் கடையிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள்.

பேட்டரி செத்ததைப் பெட்டி தானாகச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். கரண்ட் போகிற அன்றுதான் தெரியும். மாதம் ஒருமுறை சுவர் சுவிட்ச்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். பதினைந்து ஏழாகிவிட்டால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யூபிஎஸ்ஸை மாற்ற வேண்டாம். வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் முதல் நாள் தாங்கிய நிமிடத்தையும் மார்க்கரால் பெட்டியின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.